ஒரு வார்த்தையும் இல்லாமல் வந்த கடன் ஸ்கிரீன்ஷாட்: தீர்ப்பு சொல்லும் முன்

கேள்வி: என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு கடன் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருக்கிறான். கூட ஒரு வார்த்தை இல்லை. கடன் 50,000 ரூபாய், வட்டி மாதம் 1.5%, 12 தவணை, தவணை 4,917 ரூபாய் என்று இருக்கிறது. கீழே மாத வாரியாக அட்டவணை. மேலே சின்ன எழுத்தில் பிராசஸிங் ஃபீஸ் 1,500, ஜிஎஸ்டி 270, இன்சூரன்ஸ் 730. பார்த்தால் வருடத்துக்கு 18%தானே, பரவாயில்லை போலத் தெரிகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. இது நல்ல கடனா, மோசமான கடனா? அவனுக்கு என்ன பதில் போடுவது?

பதில்:

உடனே எதுவும் போடாதீர்கள். "ஐயோ வேண்டாம்" என்றும் வேண்டாம், "பரவாயில்லை, எடுத்துக்கோ" என்றும் வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுவிடலாம், போட்டும் காட்டுகிறேன். ஆனால் இந்தப் படம் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் சொல்லும் எந்தப் பதிலும் தவறான இடத்தில் போய் விழலாம்.

ஒரு கடன் ஆப்பில் இதே அட்டவணை மூன்று வெவ்வேறு கட்டங்களில் திரையில் வரும். முதலாவது, வெறும் ஆசை காட்டும் கட்டம்: "இவ்வளவு வரை உங்களுக்குக் கிடைக்கும்" என்று ஒரு தொகையைப் போட்டு, மாதிரிக்கு ஒரு தவணையையும் காட்டும். அதில் இருக்கும் வட்டி கடைசியில் கிடைக்கும் வட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, விவரம் எல்லாம் வாங்கி முடித்து, ஒப்புக்கொள்ளச் சொல்லும் கட்டம். மூன்றாவது, பணம் கணக்கில் விழுந்த பிறகு "என் கடன்கள்" பக்கத்தில் இருக்கும் அட்டவணை. உங்கள் தம்பி முதல் கட்டத்தில் இருந்தால் நீங்கள் சொல்வது அறிவுரை. மூன்றாம் கட்டத்தில் இருந்தால், கடனை எடுத்துவிட்டு அதைச் சொல்ல வாய் வராமல் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான் என்று அர்த்தம். அப்போது "இது கொள்ளை வட்டி" என்று நீங்கள் எழுதினால் அவன் அடுத்த செய்தியே அனுப்ப மாட்டான்.

படத்திலேயே சில தடயங்கள் இருக்கும். கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் `Accept` அல்லது `Proceed` போன்ற பட்டன் இருந்தால் இன்னும் எடுக்கவில்லை. `Eligible` அல்லது `Up to` என்ற சொல் தொகைக்குப் பக்கத்தில் இருந்தால் அது முதல் கட்டம். `Disbursed` என்றோ ஒரு லோன் நம்பரோ இருந்தால் பணம் வந்துவிட்டது. அட்டவணையின் முதல் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டதா, முதல் வரிசைக்கு எதிரே `Paid` அல்லது `Overdue` என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தின் மேல் "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறிப்பு இருந்தால், அது அவனுடைய கடனே இல்லாமல் இருக்கலாம். நண்பன் யாரோ கேட்டதை உங்களிடம் தள்ளியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் பதில் படத்தில் கிடைக்கவில்லை என்றால், ஒரே ஒரு கேள்வி போதும். "எடுத்துட்டியா, எடுக்கப் போறியா?" குற்றம் சாட்டாத கேள்வி. இரண்டு பதிலுக்கும் கதவு திறந்திருக்கும். முடிந்தால் எழுதாமல் போன் செய்தே கேளுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றியவர்கள் இப்படி ஒரு கடன் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்து "அவசரமா தவணை கட்டணும்" என்று பணம் கேட்பதுண்டு. குரலைக் கேட்டுவிட்டால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். அதுவரை படத்தில் க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள். "பாருங்களேன்" என்று குடும்ப குரூப்பிலும் போடாதீர்கள். அவன் பெயர், லோன் நம்பர், சில சமயம் பான் எண்கூட அந்தப் படத்தில் இருக்கும்.

சரி, இப்போது கணக்கு.

நீங்கள் சொன்ன எண்களை நேர்ப்படுத்திப் பார்த்தால் விஷயம் உடனே தெரிகிறது. 50,000 ரூபாய்க்கு மாதம் 1.5% என்றால் 750 ரூபாய். 12 மாதத்துக்கு 9,000. அசலோடு சேர்த்து 59,000. அதை 12 ஆல் வகுத்தால் 4,917. அதாவது தவணையைக் கணக்கிட்டவர்கள், தம்பி வருடம் முழுக்க 50,000 ரூபாயையும் கையில் வைத்திருப்பதாக வைத்துத்தான் வட்டி போட்டிருக்கிறார்கள். இதைத்தான் ஃபிளாட் வட்டி என்பார்கள். ஆனால் அவன் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறானே. இரண்டாம் மாதம் அவனிடம் இருப்பது 45,833, ஏழாம் மாதத் தொடக்கத்தில் 25,000, கடைசி மாதத்தில் வெறும் 4,167.

அட்டவணையின் கடைசி வரிசையை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே அசல் 4,167, வட்டி 750 என்று இருக்கும். 4,167 ரூபாயை ஒரு மாதம் வைத்திருந்ததற்கு 750 ரூபாய். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 18%. வருட வட்டி என்று நீங்கள் நினைத்த அதே 18%, கடைசி வரிசையில் மாத வட்டியாக வந்து நிற்கிறது. ஃபிளாட் வட்டியின் குணம் முழுவதும் அந்த ஒரு வரிசையில் தெரிந்துவிடும். யாருக்காவது விளக்க வேண்டும் என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஆகவே எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் வட்டிக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே வட்டி என்றால் ஃபிளாட். வட்டி குறைந்துகொண்டே வந்து, அசல் கூடிக்கொண்டே போனால், மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறை. இதே 50,000க்கு உண்மையிலேயே மாதம் 1.5%, குறையும் அசலுக்குப் போட்டிருந்தால் தவணை 4,584 தான் வரும். முதல் மாத வட்டி 750, கடைசி மாத வட்டி சுமார் 68 ரூபாய். வருடத்தில் கட்டும் மொத்த வட்டி சுமார் 5,000. இங்கே கட்டப்போவது 9,000. தவணையில் வித்தியாசம் 333 ரூபாய்தான் என்பதால் கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது.

அட்டவணையில் அசல், வட்டி என்று பிரிக்காமல் வெறும் தேதியும் தவணையும் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. கடன், தவணை எண்ணிக்கை, தவணைத் தொகை ஆகிய மூன்றும் இருந்தால் உண்மையான வட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(12,-4917,50000)*12
```

விடை 0.317 என்று வரும். வருடத்துக்குச் சுமார் 31.7%. தவணைக்கு முன்னால் அந்தக் கழித்தல் குறி முக்கியம். கடன் உள்ளே வருகிறது, தவணை வெளியே போகிறது என்று அதற்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டும்.

ஆனால் இதுவும் முழு உண்மை இல்லை. பிராசஸிங் ஃபீஸ் 1,500, அதற்கு 18% ஜிஎஸ்டி 270, இன்சூரன்ஸ் 730, ஆக மொத்தம் 2,500 ரூபாய். பெரும்பாலான ஆப்கள் இதைத் தனியாகக் கேட்பதில்லை. பிடித்துக்கொண்டு மீதியைத்தான் போடும். தம்பி கணக்கில் விழப்போவது 47,500. திருப்பிக் கட்டுவதோ 50,000 வாங்கியதாக வைத்துப் போட்ட தவணை. அதே சூத்திரத்தில் 50,000க்குப் பதில் 47,500 போடுங்கள்:

```
=RATE(12,-4917,47500)*12
```

இப்போது விடை 0.42. வருடத்துக்கு 42%. பார்வைக்கு 18%, தவணையிலிருந்து 32%, கைக்கு வரும் பணத்திலிருந்து 42%. மூன்றும் ஒரே கடன்தான், ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ரூபாயில் சொன்னால், 47,500 வாங்கி 59,004 கட்டுகிறான். செலவு 11,504 ரூபாய். சதவீதத்தைவிட இந்த எண்ணைத் தம்பியிடம் சொல்லுங்கள், சட்டென்று உறைக்கும்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பலர் இங்கேதான் நேர்மாறாக முடிவெடுக்கிறார்கள். இன்னொரு ஆப்பில் "வருட வட்டி 28%, குறையும் அசலுக்கு" என்று நேர்மையாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் "அம்மாடி, 28 ஆ" என்று ஒதுக்கிவிட்டு, இந்த 1.5%ஐ எடுப்பார்கள். உண்மையில் அந்த 28% கடன்தான் மலிவு. வட்டி விகிதத்தை வட்டி விகிதத்தோடு ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே முறையில் சொல்லப்பட்டதா என்று பார்க்காவிட்டால் அந்த ஒப்பீட்டால் பயனே இல்லை. கைக்கு எவ்வளவு வரும், எத்தனை முறை, எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றையும் இரண்டு கடனுக்கும் எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் சதவீதத்தை மறந்தே விடலாம்.

இந்தியாவில் இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே `Key Facts Statement` என்ற ஒரு தாளைத் தந்தாக வேண்டும். 2022இல் வந்த டிஜிட்டல் கடன் விதிகளிலேயே இது இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கினார்கள். அதில் `APR` என்று ஒரு வரி இருக்கும். வட்டி, பிராசஸிங் ஃபீஸ், கடனோடு வசூலிக்கும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த வருடாந்திரச் செலவு அது. உங்கள் தம்பியின் கடனுக்கு அந்த வரியில் 42% பக்கத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். 18 என்று இருந்தால் அந்தத் தாளே தவறு. அந்தத் தாளில் சொல்லாத கட்டணம் எதையும் பின்னால் அவனுடைய சம்மதம் இல்லாமல் வசூலிக்கவும் முடியாது. ஆகவே "எடுக்கப் போறேன்" என்று பதில் வந்தால், அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தாளின் படத்தை. அட்டவணையின் படம் மட்டும் போதாது.

அதே விதியில் இன்னொரு உபயோகமான விஷயம். ஏழு நாளோ அதற்கு மேலோ கால அளவுள்ள கடனுக்கு, அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு அப்படியே நிற்க வேண்டும். யோசிப்பதற்காகவே கொடுத்த அவகாசம் அது. படத்தின் மேலே "இன்னும் 09:41 நிமிடத்தில் சலுகை முடியும்" என்று கடிகாரம் ஓடினால், அது அவசரப்படுத்தும் வேலை. அதற்காக அந்தக் கடன் மோசடி என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பதிவு பெற்ற கம்பெனிகளின் ஆப்களும் இப்படிச் செய்கின்றன. ஆனால் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து யாரும் பட்டனைத் தட்டத் தேவையில்லை.

அப்புறம், கணக்கு சரியாக இருக்கிறது என்பதும் கடன் கொடுப்பவர் சரியானவர் என்பதும் வேறு வேறு விஷயம். அழகான அட்டவணையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். படத்தில் ஆப்பின் பெயர் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலும் ஆப் என்பது தரகர் மாதிரி. பணம் கொடுப்பது பின்னால் இருக்கும் ஒரு வங்கி அல்லது வங்கி சாரா நிதி நிறுவனம். அதன் பெயர் எங்கே என்று தேடுங்கள். சின்ன எழுத்தில் அடியில் இருக்கலாம், அந்தத் தாளில் கட்டாயம் இருக்கும். பெயர் கிடைத்தால், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், தாங்கள் எந்த ஆப்கள் வழியாகக் கடன் கொடுக்கிறோம் என்று போட்டிருப்பார்கள். அதில் இந்த ஆப்பின் பெயரும் இருக்க வேண்டும். 2025 முதல் ரிசர்வ் வங்கியும் கடன் ஆப்களின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. ஆனால் அதில் இருப்பது நிறுவனங்கள் தாங்களே கொடுத்த தகவல். அதில் பெயர் இருப்பது ஆப்புக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆப்போடு தொடர்பு உண்டு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்ற அளவுக்குத்தான் அர்த்தம்.

இந்தப் பட்டியலையெல்லாம் தேடுவதற்கு முன்பே சில விஷயங்கள் காட்டிக்கொடுத்துவிடும். பணம் வருவதற்கு முன்பே "ஃபீஸ் 1,770 யூபிஐயில் போடுங்க, உடனே 50,000 விழும்" என்று கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கடன் கொடுப்பவர் கட்டணத்தைக் கடனிலிருந்து பிடித்துக்கொள்ள முடியும்போது, முன்பணம் ஏன்? அந்த 1,770 போனதுதான், கடன் வராது. அதேபோல, தவணையை யாரோ ஒரு தனிநபரின் யூபிஐக்குக் கட்டச் சொன்னாலும் ஆபத்து. விதிப்படி கடன் தொகை நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், தவணை நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். இடையில் ஆப் நடத்துபவரின் கணக்குக்கே வேலை இல்லை.

மூன்றாவது, போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் ஆப் கேட்பது. இதைப் படத்தில் பார்க்க முடியாது, தம்பியிடம்தான் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதியும் இதைத் தடுக்கிறது, கூகுள் பிளே ஸ்டோரும் தனிநபர் கடன் ஆப்களுக்கு இந்த அனுமதிகளைத் தடை செய்திருக்கிறது. அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு முறை கேமராவையோ இருப்பிடத்தையோ கேட்பது வேறு, அது இருக்கலாம். தொடர்பு எண்களைக் கேட்பது எதற்கு என்பது, தவணை தவறிய மாதத்தில் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போகும்போதுதான் பலருக்குப் புரிகிறது. ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து எடுக்காமல், யாரோ அனுப்பிய லிங்க்கிலிருந்து இறக்கியிருந்தால் இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வர வேண்டும்.

அட்டவணையின் நீளமும் ஒரு செய்திதான். உங்கள் தம்பியுடையது 12 வரிசை. ஒரே வரிசை, அதுவும் 7 நாளிலோ 15 நாளிலோ முழுத் தொகையும் என்று இருந்தால் அது வேறு ஜாதிக் கடன். 60 நாளுக்குள் முழுவதும் திருப்பிக் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்களை பிளே ஸ்டோர் பொதுவாக அனுமதிப்பதே இல்லை. அப்படிப்பட்ட படமாக இருந்திருந்தால் இவ்வளவு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன், "தொடாதே" என்று சொல்லியிருப்பேன்.

அட்டவணையில் சந்தேகமாகத் தெரிந்தாலும் தப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தவணை மட்டும் கொஞ்சம் கூடவோ குறைவாகவோ இருக்கலாம். கடன் 20ஆம் தேதி விழுந்து, தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி என்றால், இடையில் உள்ள நாட்களுக்கான வட்டியைச் சேர்த்தோ கழித்தோ காட்டுவார்கள். கடைசித் தவணையில் சில ரூபாய் வித்தியாசம் வருவதும் சில்லறை முழுமையாக்குவதால்தான். இவற்றை வைத்து "ஏமாற்றுகிறார்கள்" என்று தம்பியிடம் சொல்ல வேண்டாம். ஒரு சின்ன விஷயத்தில் நீங்கள் தவறாகச் சொன்னால், 42% என்ற பெரிய விஷயத்தையும் அவன் கேட்க மாட்டான்.

இனி, 42% என்பதால் மட்டும் இந்தக் கடன் வேண்டாம் என்று ஆகிவிடுமா? அங்கேயும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவன் இதை எதற்காக எடுக்கிறான் என்பது படத்தில் இல்லை. கிரெடிட் கார்டில் மாதம் 3.5% வட்டி ஓடிக்கொண்டிருந்து, அதை அடைக்க எடுக்கிறான் என்றால், அதுவும் வருடத்துக்கு 42% தான், வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி வேறு. அப்படியானால் வட்டியில் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தவணை முறையில் ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்பது மட்டுமே வித்தியாசம். வீட்டில் நகை இருந்து, வங்கியில் நகைக்கடன் எடுக்க வழியிருந்தும் கூச்சப்பட்டு ஆப்புக்குப் போயிருக்கிறான் என்றால், இந்த 11,504இல் பெரும்பகுதி வீண். சம்பளத்தில் 4,917 கட்ட முடியாத நிலை என்றால், வட்டி 12% ஆக இருந்தாலும் அது தப்பான கடன்தான். கடன் நல்லதா கெட்டதா என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் தம்பியிடம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

"ரெண்டு மூணு மாசத்துல போனஸ் வந்ததும் அடைச்சிடுவேன்" என்று அவன் சொல்லக்கூடும். அப்போது முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கேட்பார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அது இந்த அட்டவணையில் இருக்காது. அட்டவணைப்படி மூன்று தவணை கட்டியதும் மீதி அசல் 37,500. ஆனால் கடனை முடிக்கும்போது பல நிறுவனங்கள் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்லை. 31.7% குறையும் அசல் கணக்குப்படி மீதியைப் போடுவார்கள், அது சுமார் 38,900 வரும். அதற்கு மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி. அந்தக் கட்டணம் `APR` எண்ணிலும் சேராது, ஏனென்றால் அது எல்லோருக்கும் வருவதில்லை. தாளில் `Foreclosure charges` என்ற வரியில் தனியாக இருக்கும். தவணை தாமதமானால் வரும் அபராதமும் அதேபோலத் தனி வரிதான். இரண்டையும் படித்துவிட்டு அவன் முடிவெடுக்கட்டும்.

"எடுத்துட்டேன்" என்று பதில் வந்தால்?

முதலில் எந்த நாள் பணம் விழுந்தது என்று கேளுங்கள். டிஜிட்டல் கடனுக்கு, மனசு மாறித் திருப்பிக் கொடுக்க ஒரு குறுகிய அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பதை நிறுவனம் முடிவு செய்யும், ஆனால் ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. எவ்வளவு என்பது அந்தத் தாளில் `Cooling-off period` என்ற வரியில் இருக்கும். அதற்குள் அசலையும், வைத்திருந்த நாட்களுக்கு உரிய செலவையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். முன்பே தாளில் சொல்லியிருந்தால் நியாயமான பிராசஸிங் ஃபீஸை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். 50,000க்கு நேற்று கையெழுத்துப் போட்டவனுக்கு இன்று சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். வட்டிக் கணக்கு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

அந்த நாள் தாண்டிவிட்டது என்றால், வட்டி எவ்வளவு என்று திட்டுவதில் பயனில்லை. இன்சூரன்ஸ் 730 அவன் கேட்டு வாங்கியதா, தானாக டிக் ஆகியிருந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் சேர்த்திருந்தால் ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதலாம். தவணை தானாகப் பிடிக்கும் தேதிக்கு முந்தின நாளே கணக்கில் 4,917 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தவணை திரும்பினால் ஆப் ஓர் அபராதம், வங்கி ஓர் அபராதம் என்று இரண்டு பக்கமும் போகும், கடன் வரலாற்றிலும் பதிவாகும்.

தாளில் இல்லாத கட்டணம் பிடித்திருந்தாலோ, வசூலுக்கு மிரட்டல் வந்தாலோ, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆப்பின் உதவி எண்ணில் பேசியது கணக்கில் வராது. அதிகாரியைத் தொடர்புகொள்ளும் விவரம் தாளிலேயே இருக்கும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அந்த நிறுவனமே பதிவு பெறாதது, படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுகிறார்கள் என்ற நிலை என்றால் அது குற்ற வழக்கு. 1930 எண்ணுக்கோ cybercrime.gov.in தளத்துக்கோ நேராகப் போங்கள். அப்படி ஒரு புகார் கொடுக்க வேண்டி வந்தால் தம்பி அனுப்பிய அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஆதாரம்தான், ஆகவே அரட்டையிலிருந்து அழித்துவிடாதீர்கள்.